பிள்ளையின் மணிக்கட்டு முறிவு: சிம்பு எப்போது போதும், பிளாஸ்ரர் எப்போது தேவை

சைக்கிளில் இருந்தோ மதிலில் இருந்தோ விழும் பிள்ளை, விழும் வேகத்தில் கையை முன்னே ஊன்றுகிறது. உடலின் பாரம் முழுவதும் உள்ளங்கை வழியாக முன்கையின் ஆரை என்பில் ஏறுகிறது. வளர்ந்தவர்களின் என்பு அந்தப் பாரத்தில் இரண்டாக உடையலாம். பிள்ளையின் என்போ மென்மையானது. அதைச் சுற்றித் தடித்த என்புறை ஒன்று இறுகப் போர்த்தியிருக்கிறது. ஆகவே அது பெரும்பாலும் முழுதாக உடைவதில்லை. ஒரு பக்கம் நசுங்கிப் புடைக்கிறது, அல்லது ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைகிறது. நசுங்கிப் புடைப்பதைப் புடைப்பு முறிவு அல்லது பக்கிள் முறிவு என்றும், பிளந்து வளைவதைப் பச்சைக்கொம்பு முறிவு அல்லது கிறீன்ஸ்ரிக் முறிவு என்றும் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முன்கையின் ஓரிடத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அது மணிக்கட்டுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே இருக்கும் ஆரை என்பின் கீழ்முனையாகும். இங்கு ஏற்படும் முறிவுகளுள் எவற்றுக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய சிம்பு போதும், எவற்றுக்குச் சுற்றிவர முழு பிளாஸ்ரர் வேண்டும், வளைந்த என்பு தானாக எவ்வளவு நிமிரும் என்பனவே விளக்கப்படுகின்றன. பெற்றோரும், வெளிநோயாளர் பிரிவுகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் பணிபுரிவோரும் ஒருங்கே படிக்கக்கூடியதாக இது எழுதப்பட்டுள்ளது. ஆனால் முறிவின் வகையைத் தீர்மானிப்பது எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியரின் வேலை. வீட்டில் இருந்தபடி எவரும் அதைச் செய்ய முடியாது.

முதலாவது படி: விழுந்த முதல் ஒரு மணி நேரம்

வீக்கம் ஏறுமுன் அந்தக் கையில் உள்ள காப்பு, மோதிரம், கோயில் நூல் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். நூலைக் கழற்ற மனம் வராவிட்டால் மற்றக் கைக்கு மாற்றிக் கட்டலாம். வீங்கும் கையில் விடக்கூடாது. பின்னர் கையை எந்த நிலையில் பிள்ளை தாங்கிப் பிடித்திருக்கிறதோ அதே நிலையில், மடித்த பத்திரிகைத் தாளையோ காட்போட் மட்டையையோ முன்கையின் கீழே வைத்து, மெல்லிய துணியால் தளர்வாகச் சுற்றி, கழுத்தில் தூளி போட்டுத் தொங்கவிட வேண்டும். எண்ணெய் தடவி உருவுவதும், «சுளுக்கு எடுப்பதும்» இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாதவை. பாதி பிளந்து நிற்கும் பச்சைக்கொம்பு முறிவை முழு முறிவாக்க ஓர் இழுவை போதும்.

வலிக்குப் பரசிற்றமோல், அதாவது நம்மவர் பனடோல் என்றே சொல்லும் மருந்து, பிள்ளையின் நிறை ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுக்கலாம். 20 கிலோகிராம் பிள்ளைக்கு அது 300 மில்லிகிராம்; போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருந்தால் 12.5 மில்லிலீற்றர் ஆகும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சலும் இருந்தால் இபுபுரோபன் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். மாரி காலத்து யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம் என்று கருதுவதே பாதுகாப்பானது. டெங்குவில் அந்த மருந்து இரத்தக்கசிவைக் கூட்டும்.

கை கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தால், தோல் கிழிந்து இரத்தம் வந்தால், விரல்கள் வெளிறிக் குளிர்ந்திருந்தால், அல்லது வலி மணிக்கட்டை விட்டு முழங்கைப் பக்கம் இருந்தால், இது எளிய முறிவு அல்ல. பிள்ளைக்கு உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து என்பை நேராக்க வேண்டி வரலாம். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

இரண்டாவது படி: வைத்தியர் தொட்டுப் பார்ப்பது

காறை என்பில் தொடங்கி விரல் நுனிவரை முழுக் கையையும், வலி இல்லாத இடத்திலிருந்து வலிக்கும் இடத்தை நோக்கிப் பார்த்துக்கொண்டு வருவது நல்ல வழக்கம். வலிக்கும் இடத்தை முதலிலேயே தொட்டுவிட்டால், அதன் பிறகு பிள்ளை எங்கு தொட்டாலும் அழும். புடைப்பு முறிவில் ஒரு விரலால் அழுத்தும்போது ஆரை என்பின் மேல் ஒரே ஓர் இடத்தில் வலிக்கும்; வீக்கம் சிறிதாகவே இருக்கும். பிள்ளை விரல்களை ஆட்டும், கையை மட்டும் பயன்படுத்த மறுக்கும். விழுந்து இரண்டு நாள் கழித்தும் «சுளுக்குத்தானே» என்று விடப்பட்டு வருகின்ற முறிவுகள் பெரும்பாலும் இவைதான். அந்தத் தாமதத்தால் பிள்ளைக்குப் பெரிய கேடு வருவதுமில்லை.

நரம்புகளைப் பார்க்க விளையாட்டு ஒன்று உண்டு. கல், கடதாசி, கத்தரிக்கோல் என்ற விளையாட்டில் பிள்ளை முட்டி மடக்கும்போது நடு நரம்பும், கையை விரித்து மணிக்கட்டை நிமிர்த்தும்போது ஆரை நரம்பும், இரு விரல்களை அகற்றிக் காட்டும்போது அரந்தி நரம்பும் வேலை செய்கின்றன. பெருவிரலையும் சுட்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து வட்டம் காட்டச் சொன்னால் நடு நரம்பின் ஒரு கிளையும் தெரிந்துவிடும். அழும் பிள்ளைகூட இதைச் செய்துகாட்டும்.

மூன்றாவது படி: எக்ஸ்ரேயை வாசிப்பது

இந்த வழிகாட்டியின் மையம் இதுவே. இங்கு செய்யும் தவறு பின்னால் வரும் எல்லாவற்றையும் தவறாக்கிவிடும். முன்னிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு படங்கள் வேண்டும். பக்கவாட்டுப் படம் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது.

ஆரை என்பின் வெளி ஓட்டை ஒரு கோடு போலக் கண்ணால் பின்தொடர வேண்டும். புடைப்பு முறிவில் அந்தக் கோடு ஓரிடத்தில் வெளிநோக்கிச் சிறு மடிப்பாகப் பிதுங்கும். கை ஊன்றி விழுந்தபோது நசுங்கும் பக்கம் பெரும்பாலும் புறங்கைப் பக்கமே ஆதலால், பக்கவாட்டுப் படத்தில் அந்தப் பக்கத்தில் முதலில் தேட வேண்டும். மடிப்பைக் கண்டதும் நின்றுவிடாமல் எதிர்ப்பக்க ஓட்டையும் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கக் கோடு எங்கும் அறாமல் ஓடினால் அது புடைப்பு முறிவு. எதிர்ப்பக்கத்தில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அது பச்சைக்கொம்பு முறிவு. இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் இரு பக்கமும் அறாத என்பு அசையாது. ஒரு பக்கம் அறுந்த என்பு வரும் இரண்டு மூன்று கிழமைகளுக்குள் மெல்ல மெல்ல மேலும் சாயக்கூடும்.

அடுத்து மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முறிவுக் கோடு என்பின் முனையருகே கறுத்த பட்டியாகத் தெரியும் வளர்ச்சித் தட்டுக்குள் நுழைகிறதா என்பது முதலாவது. நுழைந்தால் அது வேறு வகை முறிவு, இங்கு சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. அருகில் உள்ள அரந்தி என்பும் முறிந்திருக்கிறதா என்பது இரண்டாவது. முழங்கையில் ஆரை என்பின் தலை தன் இடத்தில் இருக்கிறதா என்பது மூன்றாவது. முன்கையின் நடுப்பகுதி வளைந்திருக்கும் பிள்ளைகளில், மணிக்கட்டை மட்டும் படம்பிடித்துவிட்டு முழங்கையை விட்டுவிட்டால் அங்கே மூட்டு விலகியிருப்பது தெரியாமலே போய்விடலாம். மூட்டு மாதக்கணக்கில் விலகியே கிடந்தால் பிறகு அதைச் சரிசெய்வது மிகக் கடினம். எந்தப் படத்திலும் ஆரை என்பின் நடுவால் வரையும் கோடு, புய என்பின் கீழ்முனையில் வட்டமாகத் தெரியும் சிறு என்பை ஊடறுத்துச் செல்ல வேண்டும். செல்லாவிட்டால் உடனே நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

சாய்வை அளப்பதும் இலகுவானது. பக்கவாட்டுப் படத்தில் முறிவுக்கு மேலுள்ள தண்டின் நடுவால் ஒரு கோடும், கீழுள்ள துண்டின் நடுவால் ஒரு கோடும் வரைந்து, அவை சந்திக்கும் கோணத்தைப் பாகையில் எழுதிவைக்க வேண்டும். «சிறிது சாய்ந்திருக்கிறது» என்று எழுதினால் அடுத்த கிழமை வேறொரு வைத்தியர் அதை எதனோடும் ஒப்பிட முடியாது.

நான்காவது படி: தெரிவு

உறுதியான புடைப்பு முறிவுக்கு முழு பிளாஸ்ரர் தேவையில்லை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2016 இல் வெளியிட்ட எலும்பு முறிவு வழிகாட்டல், ஆரை என்பின் கீழ்முனைப் புடைப்பு முறிவுக்கு விறைப்பான பிளாஸ்ரர் போட வேண்டாம் என்றது. அதன்பின் பிரித்தானியாவின் 23 வைத்தியசாலைகளில் 965 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்ட «ஃபோர்ஸ்» ஆய்வு 2022 இல் லான்செற் இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்குச் சிம்பு அல்லது பிளாஸ்ரர். மற்றக் குழுவுக்கு வெறும் மென்மையான பண்டேஜ், அதுவும் விரும்பினால். அதோடு மீண்டும் வர வேண்டியதில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாளில் இரு குழுவுக்கும் வலி ஒரே அளவாகவே இருந்தது. ஆறு கிழமையில் கையின் பயன்பாட்டிலும் வேறுபாடு இல்லை. அதாவது புடைப்பு முறிவு தானாகவே ஆறுகிறது. நாம் கொடுப்பது ஆறுதல் மட்டுமே.

அப்படியானால் சிம்பு எதற்கு? பாடசாலை முற்றத்தில் மற்றப் பிள்ளைகள் இடிக்காமல் இருக்கவும், இரவில் புரண்டு படுக்கும்போது வலிக்காமல் இருக்கவும், «கை நோகிறது» என்று எல்லோருக்கும் தெரிவிக்கவும் அது உதவுகிறது. வெறும் பண்டேஜும் போதும் என்றாலும், ஓடிவிளையாடும் வயதுப் பிள்ளைக்குச் சிம்பையே நான் விரும்புவேன்.

பெரும்பாலும் இங்கேதான் வீட்டாரோடு வாதம் எழும். «என்ன டொக்டர், என்பு முறிஞ்சிருக்கெண்டு சொல்லுறியள், பிளாஸ்ரர் போடாமல் எப்பிடிப் பொருந்தும்?» என்று அம்மம்மா கேட்பார். அவருடைய கேள்வி நியாயமானது. முழுதாக அறுந்த என்புக்குப் பிளாஸ்ரர் போடுவது இரு துண்டுகளும் நகராமல் இருக்கவே. புடைப்பு முறிவில் நகர்வதற்கு இரண்டு துண்டுகளே இல்லை. எக்ஸ்ரேயைக் காட்டி, எதிர்ப்பக்கக் கோடு அறாமல் ஓடுவதை விரலால் தொட்டுக் காட்டினால் வாதம் பெரும்பாலும் முடிந்துவிடும். முறிவு வைத்தியரிடம் போய் மூன்று கிழமையில் குணமாகி வந்தவர்களின் கதைகளில் ஒரு பகுதியும் இதனால் விளங்குகிறது: புடைப்பு முறிவை எவர் கட்டினாலும் ஆறும். ஆனால் சுற்றிவர இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டால், ஆறியிருக்கக்கூடிய கை நிரந்தரமாக முடங்கிப்போகலாம்.

பச்சைக்கொம்பு முறிவில் தெரிவு சற்றுக் கடினம். ரொறொன்ரோவில் 96 பிள்ளைகளில் நடத்தப்பட்டு 2010 இல் கனடிய மருத்துவ சங்க இதழில் வெளியான ஆய்வு, மணிக்கட்டருகே 15 பாகைக்கு மேற்படாத சாய்வுள்ள பச்சைக்கொம்பு மற்றும் குறுக்கு முறிவுகளுக்கு, ஆயத்தமாகக் கிடைக்கும் சிம்பு முன்கைப் பிளாஸ்ரரை விடக் குறைந்ததல்ல என்று காட்டியது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையிலானவர்கள். ஆகவே அந்த வயதில், அந்த இடத்தில், அந்தச் சாய்வுக்குள் இருந்தால், திரும்பவும் படம் எடுக்க வரக்கூடிய குடும்பமாகவும் இருந்தால், சிம்பைத் தெரிவுசெய்யலாம். அதற்கு மேற்பட்ட சாய்வுக்கும், முன்கையின் நடுப்பகுதியில் ஏற்பட்ட எந்தப் பச்சைக்கொம்பு முறிவுக்கும் சிம்பு போதாது. நடுப்பகுதி முறிவுக்கு முழங்கைக்கு மேல்வரை பிளாஸ்ரரும், ஆறு கிழமை அளவில் பொறுமையும் வேண்டும். பாதி பொருந்திய நிலையில் கழற்றப்பட்ட அந்த என்பு, அடுத்த சில மாதங்களுக்குள் அதே இடத்தில் மீண்டும் முறிவது உண்டு.

ஐந்தாவது படி: சிம்பைப் பொருத்துதல்

வெல்குரோ ஒட்டுப் பட்டிகளும், உள்ளங்கைப் பக்கத்தில் ஓர் உலோகத் தகடும் கொண்ட மணிக்கட்டுச் சிம்புகள் யாழ் நகரில் மருந்துக் கடைகளில் கிடைக்கும். பிள்ளையின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். பெரியவர்களுடைய சிறிய அளவு பிள்ளைக்குச் சரியாக இருப்பதில்லை. சிம்பின் முன்முனை உள்ளங்கையின் குறுக்கு ரேகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பிள்ளையால் விரல்களை அடியிலிருந்து மடக்க முடியாது. பின்முனை முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். பட்டிகளுக்குக் கீழே ஒரு விரல் இலகுவாக நுழைய வேண்டும்.

பிள்ளையின் அளவில் சிம்பு கிடைக்காவிட்டால் வைத்தியசாலையிலேயே அரைப் பிளாஸ்ரர் செய்யலாம். பஞ்சுப் பண்டேஜை இரண்டு சுற்றுச் சுற்றி, ஆறு முதல் எட்டு மடிப்புப் பிளாஸ்ரர்ப் பட்டியை உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் வைத்து, மேலே சாதாரண கிறேப் பண்டேஜால் சுற்றினால் அதுவே சிம்பாகிவிடும். கை முழுவதும் சுற்றி விறைக்காததால் வீக்கத்துக்கு இடமிருக்கும், மின்வாளும் தேவையில்லை. இதை வீட்டிலேயே பண்டேஜை அவிழ்த்துக் கழற்றலாம் என்பது நம் தீவுப்பகுதி மக்களுக்குப் பெரிய சலுகை. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து நகருக்கு வருவது, ஒரு பிளாஸ்ரரைக் கழற்றுவதற்காக மட்டும் என்றால் ஒருநாள் கூலியை இழப்பதற்குச் சமம்.

புடைப்பு முறிவுக்குச் சிம்பை மூன்று கிழமை அணியலாம். கிணற்றடியில் குளிக்கும்போது கழற்றலாம். வலி இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருக்கும்போதும் கழற்றலாம். மூன்று கிழமைக்கு முன்னரே பிள்ளை தானாகக் கழற்றி எறிந்துவிட்டு விளையாடினால் பதற வேண்டியதில்லை. புதிய எக்ஸ்ரேயும் தேவையில்லை. பச்சைக்கொம்பு முறிவுக்கு அணியும் சிம்பு அப்படியல்ல. அது குறைந்தது நான்கு கிழமை, இரவும் பகலும் இருக்க வேண்டும். கழுவுவதற்காகக் கழற்றினாலும் முன்கையை ஒரு மேசையில் தாங்கிவைத்தே கழற்ற வேண்டும். ஒட்டுப் பட்டியைக் கழற்றி விளையாடும் குணமுள்ள பிள்ளைக்கு, பெற்றோர் மறைக்காமல் சொல்லிவிட்டால், முன்கைப் பிளாஸ்ரரே நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு

பல பிள்ளைகளில் காணும் விடயங்களைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு இது. வேலணையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளின் பின்காவியில் இருந்து விழுந்து, வலது கையை ஊன்றுகிறான். மணிக்கட்டில் சிறு வீக்கம், விரல்கள் எல்லாம் அசைகின்றன, தோலில் காயமில்லை. முன்படத்தில் ஆரை என்பின் ஓரத்தில் ஒரு பிதுக்கம் மட்டுமே தெரிகிறது. ஆகவே புடைப்பு முறிவு என்று எழுதிவிட மனம் சாய்கிறது. பக்கவாட்டுப் படத்தில் புறங்கைப் பக்க ஓடு வளைந்து மடிந்திருப்பதோடு, உள்ளங்கைப் பக்க ஓட்டில் ஒரு பிளவும் இருக்கிறது. கீழ்த்துண்டு புறங்கைப் பக்கமாக 12 பாகை சாய்ந்துள்ளது. அரந்தி என்பு நலமாக உள்ளது. வளர்ச்சித் தட்டு தொடப்படவில்லை. ஆகவே இது பச்சைக்கொம்பு முறிவு.

வயது ஏழு, முறிவு மணிக்கட்டருகே, சாய்வு 15 பாகைக்குள். சிம்பு போடப்பட்டு, எட்டாம் நாள் மீண்டும் படம் எடுக்க நாள் கொடுக்கப்படுகிறது. அந்த நாளைத் தெரிவதற்குக் காரணம் உண்டு: இரண்டாவது கிழமையின் தொடக்கத்தில் என்பு மேலும் சாய்ந்திருந்தால், அப்போது மயக்கம் கொடுத்து நேராக்குவது இன்னும் இலகுவாக இருக்கும். மூன்று கிழமை கடந்தபின் புதிய என்பு கட்டிவிடும்.

எட்டாம் நாள் சாய்வு 14 பாகை. இரண்டு பாகை வேறுபாடு படம் எடுக்கும் கோணத்தாலும் வரக்கூடியது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையில் இந்த இடத்தில் 20 பாகை வரை பல நிபுணர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே சிம்பே தொடர்கிறது. அது 22 பாகையாக இருந்திருந்தால் அன்றே நிபுணரின் முடிவு வேண்டியிருக்கும். நான்காவது கிழமை முடிவில் முறிந்த இடத்தை அழுத்தினால் வலி இல்லை. விரலுக்கு ஒரு கட்டியான புடைப்புத் தட்டுப்படுகிறது. அது புதிதாகக் கட்டிய என்பு. பெற்றோர் அதை «என்பு கோணலாகப் பொருந்திவிட்டது» என்று எண்ணிப் பயப்படுவதால், சிம்பைக் கழற்றுமுன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். எழுதவும் உண்ணவும் உடனே தொடங்கலாம். சைக்கிளும், மரமேறலும், கிரிக்கெட்டும் இன்னும் ஒரு மாதம் அளவில் பொறுக்க வேண்டும்.

மிஞ்சிய 14 பாகைக்கு என்ன ஆகும்

வளரும் என்பு தன் வளைவை இரண்டு வழிகளில் திருத்திக்கொள்கிறது. வளைவின் உட்பக்கத்தில், அழுத்தம் கூடிய இடத்தில், என்புறை புதிய என்பைப் படியவைக்கிறது. வெளிப்பக்கத்தில் தேவையற்ற என்பு கரைந்துபோகிறது. இது மெதுவானது. பெரும் பங்கை ஆற்றுவது வளர்ச்சித் தட்டே. சாய்ந்துபோன தட்டு, தன் மேல் ஏறும் பாரத்துக்குச் செங்குத்தாகத் தன்னைத் திருப்பிக்கொள்ளும் வகையில் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளர்கிறது. ஆரை என்பின் நீள வளர்ச்சியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டது மணிக்கட்டுப் பக்கத் தட்டில் இருந்தே வருகிறது. ஆகவேதான் இந்த இடத்துச் சாய்வை இவ்வளவு தாராளமாக ஏற்க முடிகிறது. முழங்கைக்கு மேலே, புய என்பின் கீழ்முனையில், அந்த என்பின் வளர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே நடைபெறுகிறது. அங்கு கோணலாகப் பொருந்திய என்பு கோணலாகவே நின்றுவிடும்.

மணிக்கட்டருகே திருத்தம் சராசரியாக மாதத்துக்கு ஒரு பாகை அளவில் நடப்பதாகக் கொள்ளலாம். மேலே சொன்ன சிறுவனின் 14 பாகை ஆறு மாதத்தில் எட்டு அளவுக்கும், ஒரு வருடத்தில் இரண்டு மூன்று அளவுக்கும் வரும் என எதிர்பார்க்கலாம். அதைப் பார்க்க மீண்டும் மீண்டும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை. இரு கைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டாலே போதும்.

ஆனால் எல்லா வளைவும் திருந்தாது. மணிக்கட்டு எந்தத் திசையில் மடங்கி நிமிர்கிறதோ, அந்தத் திசையிலான சாய்வே, அதாவது உள்ளங்கை அல்லது புறங்கைப் பக்கச் சாய்வே, நன்றாகத் திருந்தும். பெருவிரல் பக்கமாகவோ சின்னிவிரல் பக்கமாகவோ உள்ள சாய்வு அவ்வளவாகத் திருந்தாது. துண்டு தன் அச்சில் முறுக்கித் திரும்பியிருந்தால் அது திருந்தவே திருந்தாது. உள்ளங்கையை மேலே திருப்ப முடியாத குறை நிலைத்துவிடும். வளர்ச்சி குறைந்தது இரண்டு வருடமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை விட ஏறத்தாழ இரண்டு வருடம் முந்தியே வளர்ச்சியை முடிக்கிறார்கள். எனவே பருவமடைந்துவிட்ட 13 வயதுச் சிறுமிக்கு இதே 14 பாகை இருந்தால், நான் அவளைச் சிம்போடு வீட்டுக்கு அனுப்பமாட்டேன். நேராக்குவதா என்று அன்றே நிபுணரிடம் கேட்பேன். வயதை மட்டும் கேட்பது போதாது. எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எப்போது திரும்பி வர வேண்டும்

முறிவு கட்டப்பட்ட பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், பனடோலுக்கும் அடங்காவிட்டால், விரல்களை மெதுவாக நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், அல்லது விரல்கள் மரத்துப்போனால், அது தசைகளுக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நேரத்தில் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிம்பு என்றால் அங்கேயே முழுதாகக் கழற்றிவிட்டு, பிளாஸ்ரர் என்றால் அருகிலுள்ள எந்த வைத்தியசாலையிலாவது பஞ்சுவரை வெட்டித் திறந்து, நள்ளிரவானாலும் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ என்பு முறிவுப் பிரிவு உள்ள மற்ற வைத்தியசாலைக்கோ போக வேண்டும். சிம்பைத் தெரிவுசெய்வதன் ஒரு நன்மை இது: தாயே அதை ஒரு நொடியில் கழற்றிவிடலாம்.

புடைப்பு முறிவு என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை மூன்று கிழமை கழிந்தும் கையைப் பயன்படுத்த மறுத்தால், அல்லது மணிக்கட்டு புதிதாகக் கோணலாகத் தெரிந்தால், முதற்படத்தை மறுபடி வாசிக்க வேண்டும். அப்போது பெரும்பாலும் எதிர்ப்பக்க ஓட்டில் தவறவிட்ட விரிசல்தான் கண்ணில் படும். முறிவு ஏற்பட்டது நடக்கவே தொடங்காத குழந்தைக்கு என்றால், «கட்டிலில் இருந்து விழுந்தது» என்ற விளக்கத்தோடு நிறுத்தாமல் குழந்தையை விடுதியில் அனுமதித்து முழுமையாகப் பார்க்க வேண்டும். அந்த வயதில் கை ஊன்றி விழும் சந்தர்ப்பமே இல்லை. சிறிய தட்டுக்கே மீண்டும் மீண்டும் முறியும் பிள்ளைக்கு, முறிவைக் கட்டுவதோடு நில்லாமல் விற்றமின் டி குறைபாட்டையும் என்பின் வேறு நோய்களையும் சோதிப்பதற்குக் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.